கடைசித் தேதியை மட்டும் குறித்து வைத்தால் போதாது

கேள்வி: சிங்கப்பூரில் ஜேசி இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். பிரிட்டன், அமெரிக்கா இரண்டுக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். ஆவணம், ஆசிரியர் கடிதம், நுழைவுத் தேர்வு என்று எல்லாவற்றுக்கும் வேறு வேறு தேதி. எதையும் தவறவிடாமல் எப்படிக் கண்காணிப்பது?

பல்கலைக்கழகம் சொல்லும் தேதிக்கு நினைவூட்டல் வைப்பதில் பெரிய பயன் இல்லை. அந்தத் தேதி நெருங்கும்போது நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது. அதனால் ஒவ்வொரு வேலைக்கும், அது யார் கையில் இருக்கிறது, அவருக்கு எத்தனை நாள் தேவை என்று எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். என் தங்கை கேம்பிரிட்ஜ் பொறியியலுக்கு விண்ணப்பித்தபோது நாங்கள் அப்படித்தான் செய்தோம், அதையே சொல்கிறேன்.

பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை வாங்குவது யூகாஸ் என்ற அமைப்பு. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கு யூகாஸ் கெடு அக்டோபர் 15, பிரிட்டன் நேரம் மாலை 6 மணி. நமக்கு அது 16ஆம் தேதி அதிகாலை 1 மணி. மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரிக் கெடு, அதற்குள் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், ஆகவே அதே மாலை 6 மணி நமக்கு மறுநாள் அதிகாலை 2 மணி ஆகிவிடும். கூகுள் காலண்டரில் நிகழ்வைச் சேர்க்கும்போது நேர மண்டலத்தை லண்டன் என்று மாற்றிவிட்டால் இந்தக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அந்த அக்டோபர் 15க்குள் ஆசிரியரின் பரிந்துரையும் உள்ளே இருக்க வேண்டும், இங்கேதான் கவனம் தேவை. பள்ளி வழியாக விண்ணப்பிக்கும்போது நீங்கள் பணம் கட்டி அனுப்பும் பொத்தானை அழுத்தினால் விண்ணப்பம் யூகாஸுக்குப் போகாது, பள்ளிக்குத்தான் போகும். பள்ளி அதில் பரிந்துரையையும் எதிர்பார்க்கும் மதிப்பெண்களையும் சேர்த்த பிறகு அவர்கள்தான் அனுப்புவார்கள். அதனால் பள்ளிக்கு என்று தனியாக ஒரு கெடு இருக்கும், தங்கையின் ஜேசியில் அது செப்டம்பரில், பிரிலிம் நடக்கும் நேரத்திலேயே வந்தது. ஆசிரியர்களும் அப்போது விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார்கள். எனவே ஜூன் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததுமே கேட்டுவிடுங்கள், எந்தப் படிப்பு, வகுப்பில் செய்த எந்த வேலையைப் பற்றி எழுதலாம் என்று ஒரு பக்கம் எழுதியும் கொடுங்கள். யூகாஸிடமிருந்து விண்ணப்பம் கிடைத்தது என்று மின்னஞ்சல் வரும்வரை அந்த வேலையை முடிந்ததாகக் குறிக்காதீர்கள்.

அப்புறம் தேர்வு. கேம்பிரிட்ஜ் பொறியியலுக்கு ஈசாட் என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும், யூகாஸில் விண்ணப்பித்தால் அதற்குத் தானாகப் பதிவாகிவிடாது. தனியாகப் பதிய வேண்டும், அந்தப் பதிவு செப்டம்பரிலேயே மூடிவிடும். அதாவது விண்ணப்பக் கெடுவுக்கு முன்பே இது முடிந்துபோகிறது. தேர்வு அக்டோபர், ஜனவரி என்று இரண்டு முறை நடக்கும், ஆனால் உங்களைப் போலப் பள்ளியிலிருந்து நேராக விண்ணப்பிப்பவர்களுக்கு கேம்பிரிட்ஜ் கேட்பது அக்டோபர் மதிப்பெண்ணைத்தான்.

இதையெல்லாம் ஒரு கூகுள் ஷீட்டில் போட்டோம். A வேலை, B யார் கையில், C கெடு, D எத்தனை நாள் முன்பு தொடங்க வேண்டும். E தொடங்கும் நாள், F அதற்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது. E2, F2 இரண்டிலும் முறையே இந்தச் சூத்திரங்கள்:

```
=C2-D2
=E2-TODAY()
```

பரிந்துரைக்கு C-யில் பள்ளியின் கெடுவைப் போட்டு D-யில் 70 கொடுங்கள், தொடங்கும் நாள் ஜூலையில் வந்து நிற்கும். பட்டியலை E-படி வரிசைப்படுத்துங்கள், C-படி வேண்டாம். ஞாயிறுதோறும் F சிறியதாக இருக்கும் வரிகளை மட்டும் பார்த்தால் போதும். காலண்டர் நினைவூட்டலை நான்கு வாரத்துக்கு மேல் முன்கூட்டி வைக்க முடியாது, அதனால் தொடங்கும் நாளையே தனி நிகழ்வாகப் போடுங்கள்.

அமெரிக்காவுக்கு, பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் கடிதம் ஆசிரியரிடமிருந்து நேராகப் போகும். பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கும் உரிமை பற்றிய ஃபெர்பா ஒப்புதலை நிரப்பினால்தான் ஆசிரியருக்கு அழைப்பே அனுப்ப முடியும், அதற்கும் ஒரு வரி வேண்டும். முதல்கட்டக் கெடு பல இடங்களில் நவம்பர் 1, அப்போது ஏ நிலைத் தேர்வு நடந்துகொண்டிருக்கும், ஆகவே கட்டுரைகளுக்கு D-யைத் தாராளமாக வையுங்கள்.

இன்னொன்று நம் பிள்ளைகளுக்கே உரியது, பெயர். பாஸ்போர்ட்டில் `d/o`, `s/o` இருக்கும், படிவத்திலோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம், சில படிவங்கள் அந்தச் சாய்வுக் கோட்டை ஏற்காது. தேர்வு மையத்தில் பதிவுப் பெயரையும் பாஸ்போர்ட்டையும் ஒப்பிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். எப்படிப் பிரித்து எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்து எல்லாப் படிவத்திலும் அதையே போடுங்கள், சந்தேகம் இருந்தால் பதியும் முன் தேர்வு நடத்துபவர்களுக்கு மின்னஞ்சல் போட்டு வாங்கிய பதிலைத் தேர்வு நாளன்று கையில் வைத்திருங்கள். இதற்கும் ஷீட்டில் ஒரு வரி, D-யில் குறைந்தது 30.