டெம்போக்காரரும் சொசைட்டி செயலாளரும்

வணக்கம் சார். பாலக்கோடு பக்கத்தில் எங்கள் ஊரில் தக்காளி போடுகிறவர்களிடம், "காலையில் விலை தெரிய யாரைக் கேட்பீர்கள், மூன்று பேர் சொல்லுங்கள்" என்று கேட்டு, பத்துப் பேரை வைத்து ஒரு நெட்வொர்க் வரைந்தேன். படமும் குறிப்பும் இணைத்திருக்கிறேன். யார் நடுவில் இருக்கிறார் என்று அளக்கும் மூன்று அளவைகளையும் மென்பொருளில் போட்டேன். டிகிரியில் பால் சொசைட்டி செயலாளர் முதலில் வருகிறார், குளோஸ்னஸில் உரக்கடைக்காரர், பிட்வீன்னஸில் டெம்போ ஓட்டுகிற அண்ணன். எதை நம்புவது? தினமும் விலையை ஒருவரிடம் சொல்லி ஊருக்குள் பரப்ப வேண்டும் என்பதுதான் என் திட்டம்.
க., பாலக்கோடு

அன்புள்ள க.,

உங்கள் திட்டத்துக்குச் செயலாளர்தான். ஆனால் டிகிரியில் முதலில் வந்தார் என்பதற்காக மட்டும் அவரைப் பிடிக்காதீர்கள், கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

படம் பார்க்காத வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் ஏழு பேர். செயலாளர், உரக்கடைக்காரர், மேட்டுத்தோட்டத்துக்காரர் மூவரும் ஒருவரோடொருவர் பேசுகிறவர்கள். மீதி நால்வரும் செயலாளரோடு பேசுகிறவர்கள். அதில் இரண்டு பேருக்கு உரக்கடையிலும் ஒருவருக்கு மேட்டுத்தோட்டத்திலும் பழக்கம் உண்டு, ஏரிக்கரை வீட்டுக்காரருக்கு மட்டும் செயலாளரை விட்டால் ஆள் இல்லை. வெளியே மூன்று பேர். டெம்போக்காரரோடு உரக்கடையும் மேட்டுத்தோட்டமும் பேசுவார்கள், டெம்போக்காரர் ராயக்கோட்டை மண்டிக்காரரோடு, மண்டிக்காரர் பெங்களூர் வியாபாரியோடு. அவ்வளவுதான் படம்.

டிகிரி என்பது ஒருவரிடமிருந்து போகும் கோடுகளை எண்ணுவது. செயலாளருக்கு 6, உரக்கடைக்கு 5, டெம்போவுக்கு 3. இதில் பேச ஒன்றும் இல்லை.

குளோஸ்னஸில்தான் நீங்கள் தடுமாறியிருக்கிறீர்கள். ஒருவரிடமிருந்து மற்ற ஒன்பது பேரையும் எட்ட எத்தனை கை மாற வேண்டும் என்று கூட்டிப் பார்ப்பது அது, கூட்டல் குறையக் குறைய அவர் நடுவில் இருக்கிறார் என்று பொருள். உரக்கடைக்காரருக்கு 14 வருகிறது, செயலாளருக்கு 15. (மென்பொருள் 9-ஐ இந்தத் தொகையால் வகுத்து 0.64, 0.60 என்று காட்டியிருக்கும்.) அந்த ஒரே ஒரு எண் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வெளியே இருக்கும் மூவரை எட்ட உரக்கடைக்கு 1, 2, 3, ஆக 6. செயலாளருக்கு 2, 3, 4, ஆக 9. ஊருக்குள் கதை தலைகீழ், மற்ற ஆறு பேரையும் செயலாளர் ஒரே கையில் எட்டுகிறார், தொகை 6, உரக்கடைக்கு 8. ஆக, உரக்கடைக்காரர் முந்தியது முழுக்க டெம்போ, மண்டி, பெங்களூர் பக்கம் அவர் கிட்டே இருப்பதால்தான். ஆனால் பெங்களூர் வியாபாரிக்கு நீங்கள் விலை சொல்லப் போவதில்லை, விலையே அங்கிருந்துதானே வருகிறது! யாருக்குத் தகவல் போக வேண்டுமோ அவர்களை மட்டும் வைத்துக் கூட்டினால் செயலாளர்தான் முன்னால் நிற்கிறார். குளோஸ்னஸ் போடுவதற்கு முன்பே கணக்கில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். மென்பொருள் கோப்பில் இருக்கிற எல்லாரையும் கூட்டிவிடும், அதற்கு மண்டியும் ஒன்றுதான் ஏரிக்கரை வீடும் ஒன்றுதான்.

அப்புறம் டெம்போக்காரர். பிட்வீன்னஸ் ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, அந்த இருவருக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய வழி இவர் மேல் போகிறதா என்று கேட்கிறது. இரண்டு வழி சமமாக இருந்தால் ஆளுக்குப் பாதி. உதாரணமாக, செயலாளரிடமிருந்து மண்டிக்குப் போக உரக்கடை வழியும் உண்டு, மேட்டுத்தோட்டம் வழியும் உண்டு, அதனால் இருவருக்கும் அரை அரை. டெம்போவுக்கு அந்தப் பங்கு பிரிப்பே இல்லை. ஊருக்குள் ஏழு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், ஏழிரண்டு பதினான்கு ஜோடியும் அவரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அவரைத் தவிர்த்த ஒன்பது பேரில் மொத்த ஜோடி 36, அதனால் உங்கள் திரையில் 0.39. செயலாளருக்கு 12 தான்.

இந்த எண்ணுக்கு நேரடியான அர்த்தம் உண்டு. டெம்போக்காரர் ஒரு வாரம் படுத்துவிட்டால், உங்கள் படத்தின்படி ஏழு வீட்டுக்கும் மண்டியோடு தொடர்பே கிடையாது. செயலாளர் படுத்தால் ஏரிக்கரை வீடு ஒன்றுதான் துண்டாகும், மற்றவர்கள் வேறு வழியில் சமாளித்துக்கொள்வார்கள். உரக்கடைக்காரர் இல்லாவிட்டால் யாரும் துண்டாவதில்லை. 1977இல் பிட்வீன்னஸ் அளவைகளை முறையாக எழுதிவைத்த லிண்டன் ஃப்ரீமன், பிறகு எழுதிய ஒரு கட்டுரையில் மூன்றையும் பிரித்துக் காட்டினார்: டிகிரி எவ்வளவு பேச்சு நடக்கிறது என்பதற்கு, குளோஸ்னஸ் மற்றவர்கள் தயவில்லாமல் எட்டுவதற்கு, பிட்வீன்னஸ் நடுவில் நின்று தடுக்கவோ மாற்றவோ முடிவதற்கு. தகவலைப் பரப்ப ஆள் தேடுகிறவர் பிட்வீன்னஸை எடுத்துக்கொண்டு ஓடுவது எனக்கு எப்போதுமே விநோதமாகத் தெரியும். உங்கள் டெம்போக்காரரிடம் சொன்னால் ஊருக்குள் நேராகப் போவது இரண்டே பேருக்கு.

சரி, இதெல்லாம் படம் சரியாக இருந்தால்தான். எனக்குச் சந்தேகம் உங்கள் கேள்வியில். மூன்று பெயருக்கு மேல் நீங்கள் கேட்கவில்லை. உங்கள் குறிப்பைப் பார்த்தால், செயலாளர் தன் வாயால் சொன்னது மூன்று பெயர், மீதி மூன்று கோடும் மற்றவர்கள் அவர் பெயரைச் சொன்னதால் வந்தவை. பால் சொசைட்டி நடத்துகிற மனிதர், ஊரில் பாதிப் பேர் அவரைத்தான் கேட்கிறார்கள், அவர் போனில் மண்டி நம்பர் இருக்காதா? நான்காவது பெயராக மண்டிக்காரரைச் சொல்ல நினைத்து, இடம் இல்லாததால் விட்டிருக்கலாம். மண்டிக்காரர் அவர் பெயரைச் சொல்லாததில் ஆச்சரியம் இல்லை, விலை கேட்க அவர் எதற்குப் பால் சொசைட்டிக்குப் போன் போடப் போகிறார்.

செயலாளருக்கும் மண்டிக்கும் நடுவே அந்த ஒரு கோட்டைப் போட்டுப் பாருங்கள், நான் போட்டுப் பார்த்தேன். டெம்போக்காரரின் பிட்வீன்னஸ் 14-லிருந்து 2-க்கு விழுகிறது. அந்த இரண்டும்கூட உரக்கடையும் மேட்டுத்தோட்டமும் மண்டியையும் பெங்களூரையும் எட்டுகிற நான்கு ஜோடியில் கிடைத்த அரை அரைதான். அவர் படுத்துவிட்டாலும் யாரும் துண்டாவதில்லை. அதே கோட்டால் செயலாளரின் டிகிரி 6-லிருந்து 7 ஆகிறது, அதோடு சரி. விட்டுப்போன ஒரு கோடு டிகிரியைக் கொஞ்சம்தான் அசைக்கும், பிட்வீன்னஸைப் புரட்டிப் போட்டுவிடும், அதுவும் உங்களுடையது போல ஒரே பாலத்தில் தொங்குகிற சின்னப் படங்களில்.

அதனால் செயலாளரிடம் மறுபடியும் போய், எண்ணிக்கை வரம்பு இல்லாமல் கேளுங்கள், கூடவே "ராயக்கோட்டையில் யாரிடமாவது பேசுவீர்களா" என்று பெயர் சொல்லியே கேட்டுவிடுங்கள். மற்ற ஆறு வீட்டிலும் இதே கேள்வி. இன்னொன்று, யாரிடமும் கேட்பதில்லை என்று சொன்னவர்களைப் படத்திலிருந்தே எடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது, பத்துப் பேரில் ஒருவர்கூடத் தனியாக இல்லையே. அவர்களையும் சேருங்கள். சேர்த்ததும் குளோஸ்னஸ் சிக்கல் பண்ணும், எட்டவே முடியாதவருக்குத் தூரம் முடிவிலி. அப்போது தூரங்களைக் கூட்டாமல் ஒன்றின் கீழ் தூரம் என்று போட்டுக் கூட்டுங்கள், எட்ட முடியாதவருக்குப் பூஜ்யம் வந்து கணக்கு ஓடிவிடும். பைத்தானின் நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தில் ஓட்டுகிறீர்கள் என்றால் `harmonic_centrality` என்று அடித்தால் போதும். புதுப் படத்தை அனுப்புங்கள், பார்க்கிறேன்.