பிற்சேர்க்கையில் தேதி பார்த்துப் படியுங்கள்

> ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இரண்டாம் பாகத்தில் ஃப்ரோடோ பயணம் அரகோர்ன் கதைக்கு அப்புறம் நடக்கிறதா, கூடவேயா?

கூடவேதான். மூன்றாம் பாகத்தின் கடைசியில் உள்ள பிற்சேர்க்கை பி-யில் தேதிவாரியாக இருக்கிறது.

குழப்பத்துக்குக் காரணம், இரண்டாம் பாகத்தின் முதல் பாதி மார்ச் 5 வரை ஓடிவிட்டு, அடுத்த பாதி பிப்ரவரி கடைசிக்குத் திரும்புவதுதான். கதைக்குள் தேதி அதிகம் வராததால் அந்தத் தாவல் கண்ணில் படாது.

மார்ச் 5-ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். நண்பகலில் தியோடன் ஐசன்கார்டுக்கு வருகிறார். இரவில் சிறகுள்ள நாஸ்கூல் முகாமுக்கு மேலே பறக்க, கேண்டால்ஃப் பிப்பினோடு மினாஸ் திரித்துக்குக் கிளம்புகிறார். அதே நாள் ஃப்ரோடோ மொரனன் வாயில் தெரியும் தூரத்தில் ஒளிந்திருந்து, அந்தி சாயும்போது நகர்கிறான். இப்போது வரைபடத்தில் இரண்டு இடங்களையும் தேடுங்கள். நடுவே ரோஹன் சமவெளியும் ஆண்டுயின் ஆறும் கிடக்கின்றன. ஒருவருக்கு மற்றவர் நிலைமை ஏன் தெரியவில்லை என்பதற்கு அந்தத் தூரமே பதில். இந்த உலகம் நிஜம்போல நிற்பது இப்படித்தான் என்பது என் எண்ணம்.

பட்டியலில் பிப்ரவரி 30 வரும், அச்சுப்பிழை இல்லை. ஷையர் நாட்காட்டியில் எல்லா மாதத்துக்கும் 30 நாள்; பிற்சேர்க்கை டி-யில் விளக்கம் உண்டு.

ஒன்று மட்டும் கவனம்: பிற்சேர்க்கை பி முடிவையும், அதற்குப் பிறகு யார் யார் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லிவிடும். நீங்கள் படித்து முடித்த தேதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.