வெல்ட் அருகே வளைந்த அலுமினியம்: சுட்டுத் தண்ணீரில் தோய்த்தால் இறுகுமா?

கேள்வி: நிலாவெளியில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறேன். எஞ்சினைத் தாங்கும் 6 மி.மீ. அலுமினியத் தாங்கி, 6061-ரி6 என்று சொல்லி வாங்கியது, வெல்ட் பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் வளைந்துவிட்டது. காஸ் சுவாலையில் சுட்டுத் தண்ணீரில் தோய்த்தால் பழையபடி இறுகும் என்கிறார் பட்டறைக்காரர். கொழும்பில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்து தருவதாக ஒரு தரகரும் முற்பணம் கேட்கிறார். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். பட்டறைக்காரர் சொல்வது உருக்குக்குரிய வழி. உருக்கு தோய்த்த கையோடு இறுகிவிடும். அலுமினியமோ தண்ணீரிலிருந்து எடுக்கும்போது மென்மையாக இருக்கும். பலம் அதற்குப் பிறகுதான், மணிக்கணக்கான இளஞ்சூட்டில் ஏறுகிறது.

6061 இல் மக்னீசியமும் சிலிக்கனும் சிறிதளவு கலந்திருக்கின்றன. 530 பாகை செல்சியஸ் அளவில் அவை அலுமினியத்துக்குள் முழுவதும் கரைந்துவிடும். மெல்ல ஆறவிட்டால் பெரிய கட்டிகளாகப் பிரிந்துவிடும், அதனால் பயனில்லை. சட்டென்று குளிர்வித்தால் பிரிய நேரமில்லாமல் உள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும். பிறகு 175 பாகையில் சுமார் 8 மணி நேரம் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக எங்கும் நெருக்கமாகப் படியும். உலோகம் வளைவது அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால். அந்த வழுக்கலை இத்துகள்கள் இடத்துக்கு இடம் மறிக்கின்றன, அதுதான் பலம். இப்படி இறுகிய நிலைக்குத்தான் ரி6 என்று பெயர். சூடு கூடினால் அல்லது நேரம் மிஞ்சினால் துகள்கள் பருத்து, எண்ணிக்கை குறைந்து, இடைவெளி அகலும். வழுக்கல் மறுபடி இலகுவாகிவிடும். உங்கள் வெல்டிங் செய்தது இதைத்தான். வெல்டுக்கு இருபுறமும் ஏறத்தாழ 25 மி.மீ. வரை அந்தச் சூடு துகள்களைக் கெடுத்துவிட்டது. வளைந்த இடத்தை அளந்து பாருங்கள், அந்தப் பட்டிக்குள்தான் இருக்கும்.

சுவாலையால் ஏன் முடியாது? 6061 சுமார் 580 பாகையில் உருகத் தொடங்குகிறது. தேவையான சூட்டுக்கும் அதற்கும் இடையில் 50 பாகைதான். அலுமினியம் உருகும்வரை செந்நிறம் காட்டாது, ஆகவே கண்பார்வையில் மட்டிடவும் வழியில்லை. சுவாலை பட்ட இடம் உருகிக்கொண்டிருக்கும்போது ஒரு சாண் தள்ளி 400 பாகைகூட இராது. முறையாகச் செய்வதென்றால் தாங்கி முழுவதும் ஒரே உலையில் 530 பாகையை எட்டி, அதே சூட்டில் ஒரு மணி நேரமளவு நிற்க வேண்டும். கதவு திறந்ததிலிருந்து 15 விநாடிக்குள் தண்ணீருக்குள் போக வேண்டும். தண்ணீரும் 40 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். நமது வெயிலில் நிற்கும் சிறிய தொட்டி இரண்டு துண்டு தோய்த்ததும் அந்த எல்லையைத் தாண்டிவிடும். தோய்த்ததும் துண்டு கோணும். கோணலை அது மென்மையாக இருக்கும் அந்த ஓரிரு மணி நேரத்துக்குள் நிமிர்த்த வேண்டும். படகோடு சேர்ந்த பாகத்தில் இதெல்லாம் நடக்காத காரியம்.

இனித் தரகர். வெல்ட் பிடித்த கம்பி எது என்று அவர் கேட்டாரா? 5356 கம்பி என்றால் வெல்ட் இந்தச் சிகிச்சைக்கே இசையாது. அதைக் கேட்காமல் பணம் கேட்பவர் துண்டை அடுப்பில் காட்டி, மினுக்கித் திருப்பித் தருவார். உலையின் சூட்டு-நேரப் பதிவும், முன்னும் பின்னும் எடுத்த பிரினெல் கடினத்தன்மை அளவும் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சரியான ரி6 ஏறத்தாழ 95 காட்டும். முழுதாக மென்மையானது 30 அளவில் நிற்கும்.

இதைவிட மோசமான ஏமாற்று ஒன்று உண்டு. படகு உடலுக்குப் போடும் 5083 தகட்டை இந்த முறையால் இறுக்கவே முடியாது. அதன் பலம் கரைந்த மக்னீசியத்திலும் குளிர்நிலையில் உருட்டுவதிலும் வருகிறது. அதை 530 பாகைக்குக் கொண்டுபோனால் உருட்டலில் வந்த பலமும் போய்விடும். பிறகு 175 பாகையில் வைத்தால் மக்னீசியம் உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையிலான எல்லைகளில் சேர்ந்து, உப்புநீரில் அந்த எல்லை வழியே தகடு அரித்து வெடிப்பு விழும். எஞ்சின் பக்கத்தில் 65 பாகைக்கு மேல் நீண்ட காலம் கிடந்தாலே இந்த ஆபத்து தொடங்கும். 5083க்கு "ரி6 செய்து தருகிறேன்" என்பவர் உங்கள் படகைக் கெடுக்கக் காசு கேட்கிறார். இதற்கெல்லாம் இடம் கொடுப்பது நமது கொள்வனவு முறைதான். மூன்று விலைமனு கட்டாயம் என்பார்கள், கலவை எண்ணும் ரி6 போன்ற நிலைக்குறியும் பற்றுச்சீட்டில் வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. "அலுமினியத் தகடு, 1" என்று எழுதினால் போதுமாம்!

நீங்கள் செய்ய வேண்டியது, வெல்டுக்குப் பின் எஞ்சும் பலத்தை வைத்துத் தாங்கியைப் புதிதாக அடிப்பது. ரி6 தகடு நிரந்தரமாக வளையாமல் தாங்குவது 240 மெகாபாஸ்கல். வெல்ட் அருகே கணக்கில் எடுப்பது 105. அதாவது பலம் 2.3 மடங்கு குறைகிறது. வளைவைத் தாங்கும் திறன் தடிப்பின் வர்க்கத்தோடு கூடுவதால், தடிப்பை 2.3 இன் வர்க்கமூலமான ஒன்றரை மடங்காக்கினால் போதும். 6 மி.மீ. க்கு 9 வரும். கடையில் 10 மி.மீ. தகடு கேளுங்கள். வெல்டை எஞ்சின் பாரம் வளைக்கும் மூலையில் வைக்காமல், குறைந்தது 50 மி.மீ. தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அந்த மூலையில் தகட்டை வெட்டி ஒட்டாமல், ஒரே துண்டாக ஓடவிடச் சொல்லுங்கள்.