கிளியரன்ஸ் சேல் போட்டா பிராண்ட் பேரு கெட்டுப்போயிடுமா?

கேள்வி: கோயம்புத்தூர்ல சொந்த பேர்ல குர்தி கடை வச்சிருக்கேன். போன தீபாவளி சரக்கு இன்னும் தேங்கிக் கிடக்கு. ஆடில கிளியரன்ஸ் போடலாம்னா பிராண்ட் பேரு கெட்டுடுமோன்னு பயமா இருக்கு. எப்படி பண்றது?

பதில்:

ரெடிமேட் லைன்ல ரொம்ப நாளா இருக்கேன், அதனால நேரா கணக்குக்கே வர்றேன்.

முதல்ல பில்லிங் சாஃப்ட்வேர்ல சரக்கு உள்ள வந்த தேதி வாரியா ரிப்போர்ட் எடுங்க. 6 மாசத்துக்கு மேல நிக்குறது மட்டும்தான் சேலுக்கு, போன மாசம் வந்தது ஒரு பீஸ் கூட உள்ள வரக்கூடாது. ஏன்னா ரெண்டு வாரம் முன்னாடி முழு விலை கொடுத்து வாங்கிட்டுப் போன அக்கா அதே குர்தியை சேல்ல பாத்தாங்கன்னா அதுக்கப்புறம் உங்க டேக்ல இருக்கற விலையை நம்பவே மாட்டாங்க. அந்த ரிப்போர்ட்லயே சைஸும் பாருங்க, எம், எல் எல்லாம் வித்துப்போய் எஸ்ஸும் டபுள் எக்ஸ்எல்லும் மட்டும் நிக்கும், அதான் கட் சைஸ், பெரும்பாலும் தேங்கறது அதுதான்.

இப்ப விலை. ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். அடக்கம் 600 ரூபா, டேக் விலை 1495, மொத்தம் 300 பீஸ் நிக்குதுன்னு வைங்க. 1,80,000 ரூபா முடங்கியிருக்கு. மாசம் ஒன்றரை வட்டின்னா 2,700, ஒரு வருஷத்துக்கு 32,400, அதாவது ஒரு பீஸ் மேல 108 ரூபா ஏறிப்போச்சு, உங்க நிஜ அடக்கம் இப்ப 708. 40% குறைச்சா 897 வரும், அதுல 5% ஜிஎஸ்டி போக கைக்கு 854 நிக்கும். வாடகை, சம்பளம் தனி, ஆனாலும் போட்ட காசு திரும்பி வந்து தீபாவளி பர்ச்சேஸுக்கு உதவும். இதையே முதல் வாரம் 20, அடுத்த வாரம் 30, கடைசில 50ன்னு இறக்கினா ஜனங்க கடைசி வாரத்துக்காக காத்துக்கிட்டு இருப்பாங்க, வருஷா வருஷம் காத்திருக்கவும் பழகிடுவாங்க. ஒரே வெட்டா வெட்டுங்க, முடியற தேதியைப் போடுங்க, அந்த தேதிக்கு மேல ஒரு நாள் கூட நீட்டாதீங்க.

பேரு கெடுறது தள்ளுபடியால இல்லைங்க, சேலுக்குன்னே தனியா மட்டமான சரக்கு இறக்குறதாலதான். ஆடி வந்தா நிறைய கடைல இதான் நடக்குது. லேசான துணி, ஒரு தையல் ஓட்டின ஓரம், முதல் தண்ணிலயே சாயம் போற ரயான், அதுல 1999னு டேக் அடிச்சு அதை அடிச்சுட்டு 799ன்னு எழுதுறது. வாங்கிட்டுப் போனவங்க ஒரு தடவை துவைச்சதும் தெரிஞ்சுபோகும், அவங்களுக்கு அது சேல் சரக்குன்னு தோணாது, உங்க லேபிள்தான் ஞாபகம் இருக்கும். அடிச்சுக் காட்டுற பழைய விலை நீங்க நெஜமாவே வித்த விலையா இருக்கணும், பழைய பில்லை எடுத்துக் காட்டுற மாதிரி இருக்கணும்.

போர்டுல காரணத்தையே எழுதிடுங்க: "போன தீபாவளி டிசைன், கட் சைஸ் மட்டும், ஆடி 30 வரை". "50% வரை"ன்னு பெருசா சிவப்பு பேனர் கட்டினா கடை முழுக்க தள்ளுபடின்னு நினைச்சு வருவாங்க, புது கலெக்‌ஷனுக்கும் பேரம் பேசுவாங்க. வாசல் பொம்மைல புதுசுதான் இருக்கணும், சேல் ரேக் கடைசில, ஆனா அயர்ன் பண்ணி சைஸ் வாரியா ஹேங்கர்ல தொங்கணும், மேசைல குவிச்சுப் போடக்கூடாது. பட்டன் போனது, கறை பட்டது எல்லாத்தையும் முன்னாடியே பிரிச்சிடுங்க. ரெகுலரா வர்றவங்களுக்கு ரெண்டு நாள் முன்னாடி வாட்ஸ்அப்ல சொல்லுங்க, அவங்க சைஸ் என்னன்னு உங்களுக்கே தெரியும், "அக்கா, உங்க டபுள் எக்ஸ்எல் இதுல மூணு கலர் இருக்கு"ன்னு போட்டோ அனுப்புனா பாதி அங்கயே போயிடும்.

சேல் சரியா போகுதான்னு தெரிஞ்சுக்க சேல் நாள் பில்லுகளைப் பாருங்க, சேல் குர்தியோட முழு விலை ஐட்டமும் சேர்ந்து போயிருந்தா நல்லது. முடிஞ்ச அடுத்த மாசம் புது சரக்கு முழு விலை விற்பனை போன வருஷத்தை விட படுத்துடுச்சுன்னாலோ, கவுன்டர்ல "அடுத்த ஆஃபர் எப்போ"ன்னு அடிக்கடி கேட்டாலோ, அடுத்த வருஷம் பீஸ் எண்ணிக்கையையும் நாளையும் குறைச்சுடுங்க.

கடைசில மிஞ்சறதை திரும்ப ரேக்ல ஏத்தாதீங்க. கழுத்து லேபிளை வெட்டிட்டு ஈரோடு ஜவுளிச் சந்தை பக்கம் லாட்டா கொடுத்துடுங்க, விலை அடக்கத்துக்குக் கீழ போனாலும் பரவாயில்ல. தானமா கொடுக்கறதா இருந்தா ஆடிட்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இலவசமா கொடுத்த சரக்குக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டைத் திருப்பிக் கட்டணும்.