கோட்பாடு வாரியான கட்டுரையை அளவுகோல் வாரியாக மாற்றுவது எப்படி?

கேள்வி: பொருளாதார ஒப்பீட்டுக் கட்டுரை ஒன்றில் கெயின்ஸ் கோட்பாட்டைப் பாதி, ஃபிரீட்மனின் பணவியல் கோட்பாட்டைப் பாதி என்று எழுதினேன். "ஒப்பீடே இல்லை" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். எப்படி மாற்றுவது?

பதில்: பத்திகளை வெட்டி மாற்றி ஒட்டினால் போதாது. முதலில் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று எழுதுங்கள். மந்தநிலை ஏன் வருகிறது? பணம் கைமாறும் வேகம், அதாவது அதன் சுழற்சி வேகம், நிலையானதா? அரசு என்ன செய்ய வேண்டும்? இரண்டு பாதியிலும் வரும் கேள்விகள்தான் உங்கள் அளவுகோல்கள். ஒரு பக்கம் மட்டும் வருவதற்கு மறுபக்கப் பதிலைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் நீக்கிவிடுங்கள்.

1929இல் தொடங்கிய பெருமந்தத்தைப் பற்றிய பத்தி இப்படி அமையலாம்: "மந்தம் எங்கிருந்து தொடங்கியது என்பதில் இருவரும் பிரிகிறார்கள். கெயின்ஸ் முதலீட்டுச் சரிவையும் அதனால் சுருங்கிய தேவையையும் காட்டுகிறார். ஃபிரீட்மனோ 1933க்குள் அமெரிக்கப் பண அளிப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததையும், மத்திய வங்கி அதைத் தடுக்காததையும் காட்டுகிறார்." முதல் வாக்கியத்தில் ஆள் பெயரே இல்லை, வேறுபாடுதான் இருக்கிறது. பத்திகள் கோட்பாட்டின் பெயரோடு தொடங்கினால் பழைய அமைப்பு இன்னும் போகவில்லை என்று பொருள்.

வரிசையும் முக்கியம். சுழற்சி வேகத்தைக் கொள்கைக்கு முன்னால் வையுங்கள். அது நிலையானது என்று நம்புவதால்தான் ஃபிரீட்மன் பண அளிப்பைச் சீரான விகிதத்தில் கூட்டச் சொல்கிறார். கெயின்ஸுக்கு அந்த நம்பிக்கை இல்லாததால் அரசுச் செலவு முன்னுக்கு வருகிறது.