பீஸ், லோஃப், பேர்: எந்தச் சொல்லுக்கு எது?

"அலுவலக மெயிலில் 'டூ ஃபர்னிச்சர்ஸ், ஒன் சிசர் வேண்டும்' என்று எழுதினேன். மேலாளர் இரண்டையும் அடித்துவிட்டார். பீஸ் ஆஃப், லோஃப் ஆஃப், பேர் ஆஃப் எல்லாம் போட்ட 200 சொல் பட்டியலை வாங்கி மனப்பாடம் செய்கிறேன், மண்டையில் ஏறவில்லை. வேறு வழி உண்டா?"

முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். சிங்கக் கூட்டம் 'ப்ரைட்', காக்கைக் கூட்டம் 'மர்டர்' என்று பக்கத்தை நிரப்பி விற்கிறார்கள். உங்கள் மெயிலில் சிங்கம் வரப்போவதில்லை.

மணலை நாம் 'இரண்டு மணல்' என்று எண்ணுவதில்லை. ஆங்கிலத்தில் ஃபர்னிச்சர், லக்கேஜ், அட்வைஸ், இன்ஃபர்மேஷன், நியூஸ் எல்லாம் அந்த மணல் மாதிரி. எண்ண வேண்டுமென்றால் முன்னால் 'பீஸ் ஆஃப்' போடுங்கள். பன்மை பீஸில்தான் ஏறும்: 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்'. 'டூ பீஸ் ஆஃப் அட்வைசஸ்' என்றால் இரண்டு இடத்திலும் தப்பு.

லோஃப் என்பது வடிவத்தைச் சொல்லும் சொல். வெட்டாத முழு ரொட்டி லோஃப், வெட்டிய வில்லை ஸ்லைஸ், பிய்த்த துண்டு பீஸ். மூன்றும் சரி, மூன்றும் வேறு பொருள். ஆனால் தேர்வில் 'பிரெட்' முன்னால் கோடிட்ட இடம் கொடுத்து, ஸ்லைஸ் என்று எழுதிய பிள்ளைக்கு மார்க்கைக் குறைக்கிறார்கள். சரியாக எழுதிய பிள்ளைக்கு ஏன் இந்தத் தண்டனை? பல வருடமாகக் கேட்கிறேன், மாற்றுவாரில்லை.

நிஜமான சிக்கல் 'பேர் ஆஃப்'. ஜோடி என்றால் நமக்கு இரண்டு. ஷூ, சாக்ஸ் விஷயத்தில் ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஒன்றைத் தனியே எடுத்தால் 'எ ஷூ', 'எ சாக்'. கத்தரிக்கோல், கால்சட்டை, மூக்குக்கண்ணாடி அப்படியல்ல. இரண்டு பாதி ஒட்டியே பிறந்தவை, பிரித்தால் பயன் இல்லை. அதனால் ஒற்றைக் கத்தரிக்கோலே 'எ பேர் ஆஃப் சிசர்ஸ்'. நாலு கால்சட்டைக்கு 'ஃபோர் பேர்ஸ் ஆஃப் ட்ரவுசர்ஸ்'. எட்டு வந்து சேருமோ என்று பயப்பட வேண்டாம்.

அப்புறம் வினைச்சொல். 'திஸ் பேர் ஆஃப் சிசர்ஸ் இஸ் ப்ளன்ட்' என்பது ஒருமை. பேரை எடுத்துவிட்டால், கையில் இருப்பது ஒரே கத்தரிக்கோல் என்றாலும் 'தீஸ் சிசர்ஸ் ஆர் ப்ளன்ட்' என்று பன்மைதான். சட்டைக்கும் இரண்டு கை இருக்கிறதே என்று இதைச் சட்டைக்கு இழுக்காதீர்கள். 'எ பேர் ஆஃப் ஷர்ட்ஸ்' என்று எழுதினால் இரண்டு சட்டை என்றுதான் பொருள்.

சரி, உங்கள் மெயில்: 'வீ நீட் டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர் அண்ட் எ பேர் ஆஃப் சிசர்ஸ்.' இலக்கணம் சரி, ஆனால் அந்த ஃபர்னிச்சர் மேசைதான் என்றால் 'டூ டேபிள்ஸ்' என்றே எழுதுங்கள். டேபிளை நேராக எண்ணலாம், பீஸே தேவையில்லை.