கம்பெனி பிறந்த தேதியும் பிறந்த காரணமும்: பதிவு ஆவணங்கள் பற்றிய கேள்வி பதில்

விப்ரோ எண்ணெய்க் கம்பெனியாகத்தான் தொடங்கியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆய்வுக் கட்டுரையில் "சொல்கிறார்கள்" என்று எழுத முடியாது. ஆவணத்திலிருந்து எப்படி உறுதி செய்வது?
*ஆய்வு மாணவி, திருச்சி*

முதலில் அந்தக் கம்பெனியின் அடையாள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சி.ஐ.என். என்று லெட்டர்பேடிலும் ஆண்டறிக்கையிலும் அச்சிட்டிருப்பார்கள். விப்ரோவுடையது இது:

```
L32102KA1945PLC020800
```

இதில் நடுவில் இருக்கும் 1945 பதிவான ஆண்டு. முன்னால் நிற்கும் L, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது என்பதற்கு. PLC என்றால் பொது வரையறுக்கப்பட்ட கம்பெனி. இந்த வரியில் என்னை மிகவும் ஈர்ப்பது KA என்ற இரண்டு எழுத்துகள். அவை பதிவு அலுவலகம் இப்போது இருக்கும் கர்நாடகத்தைக் குறிப்பவை. ஆனால் 1945-இல் அந்த அலுவலகம் அங்கே இல்லை. பதிவு அலுவலகம் பிற்பாடு இடம் மாறியிருக்கிறது என்பதுதான் பொருள். விப்ரோ பிறந்தது அன்றைய பம்பாய் மாகாணத்தில்; அதன் எண்ணெய் ஆலை இருந்தது அமல்நேர் என்ற ஊரில். மாநிலம் மாறும்போது புதிய பதிவாளர் புதிய எண் தருவார். ஆகவே கடைசியில் உள்ள 020800-ஐயும் பிறந்தபோது கிடைத்த எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாள், மாதம் வேண்டுமானால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் கம்பெனியின் அடிப்படை விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. விப்ரோவுக்கு அது 1945 டிசம்பர் 29. அன்றைய பெயர் வெஸ்டர்ன் இந்தியா வெஜிடபிள் புராடக்ட்ஸ் லிமிடெட். பதிவு 1913-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் கீழ் நடந்தது. நோக்கத்துக்கு, பதிவின்போது தாக்கல் செய்யும் அடிப்படை ஆவணமான மெமோரண்டத்தின் மூன்றாவது பிரிவைப் படிக்க வேண்டும். கொப்பரை, பருத்திக்கொட்டை, நிலக்கடலை போன்றவற்றிலிருந்து எண்ணெய் எடுக்கும் தொழில் அங்கே இன்றும் எழுதப்பட்டிருக்கிறது. மென்பொருள் கம்பெனியின் ஆவணத்துக்குள் கொப்பரை இருப்பதை நீங்களே பார்த்து மேற்கோள் காட்டலாம்.

அடையாள எண்ணில் L-க்குப் பின்னால் வரும் ஐந்து இலக்கம் தொழில் குறியீடு அல்லவா? அதைப் பார்த்தாலே நோக்கம் தெரிந்துவிடும். மெமோரண்டம் வரை போக என்ன தேவை?
*பங்கு முதலீட்டாளர், சென்னை*

தொழில் குறியீடு என்பது சரி. ஆனால் அது பிறந்தபோது இருந்த தொழில் அல்ல. அடையாள எண் முறையே கம்பெனிப் பதிவுகள் கணினிக்கு மாறிய காலத்தில்தான் வந்தது. 1945-இல் பதிவான கம்பெனிக்கு அறுபது ஆண்டு போல் கழித்து ஒரு குறியீடு ஒட்டியிருக்கிறார்கள். விப்ரோவின் எண்ணில் 32 என்று தொடங்குகிறதே, 2004-ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாட்டில் அது மின்னணுக் கருவிகளுக்கான பிரிவு. எண்ணெய்க்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தொழில் மாறினால், மாநிலம் மாறினால், பட்டியலிட்டால், பட்டியலிலிருந்து விலகினால் அடையாள எண் மாறும். அதில் நம்பி எடுக்கக்கூடியது ஆண்டு மட்டும்தான்.

நூறு ரூபாய் கட்டி ஒரு கம்பெனியின் மெமோரண்டத்தை இறக்கினேன். 1970-களில் பதிவான நூற்பாலை அது. நோக்கங்களில் முதல் வரியே காற்றாலை மின்சாரம்! தளத்தில் ஆவணம் மாறிப் போயிருக்குமா?
*ஆடிட்டர் அலுவலகப் பயிற்சி மாணவர், கோவை*

மாறவில்லை தம்பி. உங்கள் கையில் இருப்பது இன்றைய மெமோரண்டம். திருத்தங்களையெல்லாம் உள்ளே சேர்த்து ஒரே ஆவணமாகக் கடைசியாகத் தாக்கல் செய்ததைத்தான் இறக்கியிருக்கிறீர்கள். இந்தத் துறையில் அதிகம் பேர் வழுக்கும் இடம் இதுதான். ஆவணம் அசல், கம்பெனி சரியானது, ஆனால் அதில் இருப்பது ஆரம்ப நோக்கம் இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? அச்சைப் பாருங்கள். 1970-களின் மெமோரண்டம் தட்டச்சிலோ அச்சுக்கோத்தோ இருக்கும். கணினி எழுத்துருவில் இருந்தால் பிற்காலத்தது. பிறகு பக்கத்தின் அடியிலோ பிரிவின் ஓரத்திலோ சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு தேடுங்கள். இன்ன தேதியில் நடந்த பொதுக்கூட்டத்தின் சிறப்புத் தீர்மானப்படி சேர்க்கப்பட்டது என்று இருக்கும். கவனமான செயலர் இருந்த கம்பெனிகளில் இந்தக் குறிப்பு ஒவ்வொரு திருத்தத்துக்கும் இருக்கும். சில கம்பெனிகளில் ஒன்றுகூட இருக்காது.

இன்னொரு தடயம் பிரிவுகளின் அமைப்பு. 1965 திருத்தத்துக்குப் பிறகு பதிவானவற்றில் முக்கிய நோக்கங்கள், அவற்றுக்குத் துணையானவை, பிற நோக்கங்கள் என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். 2013 சட்டத்தின் வடிவத்தில் "பிற நோக்கங்கள்" என்ற தலைப்பே கிடையாது. உங்கள் நூற்பாலையின் மெமோரண்டத்தில் இரண்டே தலைப்புகள்தான் இருக்கின்றன என்றால், 2014-க்குப் பிறகு முழுவதையும் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

இனிப் பின்னோக்கிப் போக வேண்டும். அதே தளத்தில் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த தீர்மானங்களைத் தேடுங்கள். 2014-க்குப் பிறகு அது MGT-14 என்ற படிவம், அதற்கு முன் படிவம் 23. ஒவ்வொன்றின் இணைப்பிலும் எந்த வரியை நீக்கி எந்த வரியைச் சேர்த்தார்கள் என்பது இருக்கும். புதியதிலிருந்து பழையதற்கு வந்தால் நடுவில் சேர்ந்தவை ஒவ்வொன்றாகக் கழியும், மிஞ்சுவது ஆரம்ப நோக்கத்துக்கு நெருங்கி வரும். மின்வழித் தாக்கல் 2006-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய காகிதங்களில் ஒரு பகுதிதான் தளத்தில் இருக்கிறது. அங்கே சங்கிலி அறுந்தால் பதிவாளர் அலுவலகத்தில் முதல் மெமோரண்டத்தின் சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பங்குதாரராக இருக்க வேண்டியதில்லை.

மெமோரண்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு தேதி, பதிவுச் சான்றிதழில் வேறு தேதி, கம்பெனியின் பொன்விழா மலரில் மூன்றாவதாக ஒன்று. எதைப் பிறந்த தேதி என்பது?
*பத்திரிகையாளர், மதுரை*

சான்றிதழில் உள்ளதை. மெமோரண்டத்தின் கடைசிப் பக்கம் முதல் பங்குதாரர்கள் கையெழுத்திட்ட பக்கம். பெயர், தகப்பனார் பெயர், முகவரி, தொழில், எத்தனை பங்கு, சாட்சி, தேதி எல்லாம் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். அது கையெழுத்திட்ட நாள். பதிவானது சில நாட்களோ வாரங்களோ கழித்து. ஆனால் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். கம்பெனி ஏன் பிறந்தது என்பதை நோக்கப் பிரிவைவிட அந்தத் "தொழில்" என்ற கட்டம் சில சமயம் நேராகச் சொல்லிவிடும். கையெழுத்திட்ட ஏழு பேரில் ஐந்து பேர் தோல் வியாபாரிகள் என்றால், நோக்கப் பிரிவில் முப்பது தொழில் எழுதியிருந்தாலும் கம்பெனி தோலுக்காகத்தான் பிறந்தது.

பொன்விழா மலரின் தேதி பெரும்பாலும் தொழில் தொடங்கிய நாளாக இருக்கும். பொதுக் கம்பெனிகள் பதிவானதும் தொழில் தொடங்கிவிட முடியாத காலம் ஒன்று இருந்தது; தொழில் தொடங்க அனுமதிக்கும் சான்றிதழை அவை தனியாகப் பெற வேண்டும். பழைய கோப்புகளில் இரண்டு சான்றிதழ்களும் அடுத்தடுத்து இருக்கும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தலைப்பைப் படிக்காமல் தேதியை எடுக்காதீர்கள்.

சான்றிதழின் தேதிக்கு எவ்வளவு வலு என்பதற்கு 1924-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ஜூபிலி காட்டன் மில்ஸ் வழக்கைச் சொல்வேன். பதிவாளர் சான்றிதழில் கையெழுத்திட்டது ஜனவரி 8, அதில் போட்ட தேதி ஜனவரி 6. கம்பெனி பிறந்தது 6-ஆம் தேதியே என்று தீர்ப்பானது. அதனால் 6-ஆம் தேதி ஒதுக்கிய பங்குகளும் செல்லுபடியாயின.

என் கம்பெனியின் பெயரை மாற்ற வேண்டும். எவ்வளவு செலவாகும்?
*சிறுதொழில் முனைவோர், ஈரோடு*

அதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள் ஐயா, இங்கே பேச்சு வேறு. ஆனால் பெயர் மாறிய பிறகு புதிய சான்றிதழ் ஒன்று வரும். பழையதைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். புதிய சான்றிதழின் அடியில் பெயர் மாறிய தேதி பெரிதாகத் தெரியும். பலர் அதையே கம்பெனியின் பிறந்த தேதியாக எழுதிவிடுகிறார்கள். பழைய படிவங்களில் "முதலில் இன்ன தேதியில் இன்ன பெயரில் பதிவான" என்ற வாசகம் நடுவில் இருக்கும். ஆராய்ச்சியாளருக்கு வேண்டியது அந்த வரிதான்.

கேள்வி இல்லை, ஒரு சேர்க்கை. பழைய சான்றிதழ்களின் தலையில் "எண் இத்தனை, 1945-46" என்று இரட்டை ஆண்டு இருக்கும். அது பதிவேட்டின் ஆண்டு. அதைப் பார்த்து 1946 என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.
*ஓய்வுபெற்ற பதிவாளர் அலுவலக ஊழியர்*

மிக்க நன்றி ஐயா. டிசம்பர் 1945-இல் பதிவான கம்பெனிக்கு இந்தக் குழப்பம் அப்படியே பொருந்தும். தலையில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கீழே நாள், மாதம், ஆண்டை எழுத்தால் எழுதிய வரியைத்தான் எடுக்க வேண்டும்.

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை அந்தத் தளத்தில் தேடினேன். ஒன்றுமே வரவில்லை. பதிவே செய்யவில்லையா?
*பள்ளி ஆசிரியர், தூத்துக்குடி*

பதிவு செய்தார்கள், 1906 அக்டோபரில். அப்போது நடப்பில் இருந்தது 1882-ஆம் ஆண்டுச் சட்டம். கணினிப் பதிவு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கலைக்கப்பட்ட கம்பெனிக்கு அடையாள எண் கிடைக்க வழியில்லை. தளத்தில் இல்லை என்பதற்கும் பதிவாகவில்லை என்பதற்கும் தொடர்பில்லை. இப்படிப்பட்டவற்றுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்த ஆண்டுகளின் அரசாணைகளையும் அரசிதழையும் பார்க்க வேண்டும். அக்காலப் பத்திரிகைகளில் வந்த பங்கு விற்பனை விளம்பரங்களும் உதவும்; நோக்கத்தைச் சுருக்கமாக அதிலேயே போட்டிருப்பார்கள்.

எங்கள் தாத்தா 1938-இல் பாத்திரக் கடை வைத்தார். கடைப் பலகையில் "1938 முதல்" என்று இருக்கிறது. கம்பெனியின் பதிவு 1991. போட்டியாளர் ஒருவர் இது பொய் விளம்பரம் என்கிறார். ஆவணத்தில் எங்களுக்கு ஏதாவது ஆதாரம் இருக்குமா?
*வணிகர், கும்பகோணம்*

இருக்கக்கூடும் அம்மா. 1991 மெமோரண்டத்தின் நோக்கப் பிரிவில் முதல் வரியைப் படியுங்கள். குடும்பக் கூட்டு வணிகத்தைக் கம்பெனியாக்கும்போது, இன்ன பெயரில் இன்ன ஊரில் நடந்துவரும் தொழிலைச் சொத்து, கடனோடு எடுத்துக்கொள்வது என்பதையே முதல் நோக்கமாக எழுதுவது வழக்கம். அந்த வரி இருந்தால் கடைக்கும் கம்பெனிக்கும் நடுவில் பாலம் கிடைத்துவிடும். பிறகு கூட்டு வணிகத்தின் பதிவை, பதிவாகாமல் இருந்தால் பழைய கூட்டாளிகள் ஒப்பந்தத்தைத் தேடி 1938 வரை போகலாம்.

அந்த வரி இல்லையென்றால் சிக்கல்தான். கம்பெனி என்ற சட்ட நபர் பிறந்தது 1991-இல், அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. தொழிலின் வயதும் அதை நடத்தும் கம்பெனியின் வயதும் வேறு வேறாக இருப்பது பெரிய இடங்களிலும் உண்டு. விப்ரோவின் சோப்பு, நுகர்பொருள் தொழில் 2013-இல் பிரிந்து விப்ரோ எண்டர்பிரைசஸ் என்ற வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. 1945 என்ற ஆண்டைத் தன் அடையாள எண்ணில் வைத்திருக்கும் கம்பெனியிடம் இன்று அந்தத் தொழில் இல்லை. உங்கள் பலகையில் "1938 முதல்" என்பது கடையைக் குறிக்கிறதா, கம்பெனியைக் குறிக்கிறதா என்பதில் வழக்கறிஞர்களே ஒரே குரலில் பேச மாட்டார்கள். முதலில் அந்த மெமோரண்டத்தின் சான்றிட்ட நகலை வாங்கி, முதல் வரியில் தாத்தாவின் கடைப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.